பேச்சுத் தமிழில் அம்மன் பாட்டு: மரியாதை எந்தச் சொல்லில் போகிறது

கேள்வி: அண்ணா, நான் காசிமேடு பக்கம். எங்க தெரு அம்மன் கோயில்ல ஆடி மாசம் கூழ் ஊத்தும்போது பசங்க சேர்ந்து பாட ஒரு பாட்டு எழுதினேன். கோயில் பெரியவங்க கேட்டுட்டு, "சாமிக்கிட்ட இப்படியா பேசுவ, மரியாதையே இல்ல"ன்னு சொல்லிட்டாங்க. செந்தமிழ்ல மாத்தினா நம்ம தெருப் பாட்டு மாதிரியே இல்ல. நாங்க பேசுற தமிழ்லயே மரியாதையா எழுத முடியுமா? நான் எழுதினது இதுதான்:

இன்னா ஆத்தா குந்தினு கீற
எங்க தெருவ பாக்கவே மாட்ற
கூழு ஊத்தி கூப்ட்டுப் பாத்தோம்
கண்ண முழிச்சி வந்தருள்வாயே

பதில்:

முடியும் தம்பி. செந்தமிழுக்குப் போக வேண்டாம். உங்கள் பெரியவர்கள் சொன்னதும் சரிதான், ஆனால் குறை இருப்பது மொத்தப் பாட்டிலும் இல்லை, நாலைந்து சொல்லில்தான். எந்தச் சொல், ஏன் என்று பார்த்துவிட்டால் மீதியைத் தொடவே வேண்டாம்.

முதலில் ஒன்று செய்யுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் கோயிலில் ஒரு ஓரமாக நின்று, சாமி கும்பிட வரும் பெண்கள் வாய்விட்டு என்ன சொல்லிக் கும்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன். ஆடிப் பாட்டு எழுத ஆரம்பித்த காலத்தில் எனக்கு வாத்தியாரே அந்தக் குரல்கள்தான். மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு அம்மா இப்படிச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "யம்மா தாயே, நீ பாத்து எதனா செய்யிம்மா. ஒன்ன வுட்டா எனக்கு யாரு கீறா? வட்டிக்கு வாங்கிட்டு முழிச்சினு கீறேன்."

அதில் 'எதனா' இருக்கிறது, 'வுட்டா' இருக்கிறது, 'கீறா', 'கீறேன்' எல்லாம் இருக்கிறது. யாருக்காவது மரியாதைக் குறைவாகப் பட்டதா? யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீங்களும் 'கீற' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், உங்களைத் திட்டினார்கள். என்ன வித்தியாசம்?

அந்த அம்மாவின் பேச்சில் நம்ம பக்கத்து வழக்கு முழுக்கத் தன்னைப் பற்றிச் சொல்கிற இடத்தில் விழுகிறது. முழிச்சினு கீறது அவங்க, வுட்டா ஆளில்லாமல் போவதும் அவங்க. அம்மன் செய்கிற வினைகளைப் பாருங்கள்: 'பாத்து', 'செய்யிம்மா'. அந்த ரெண்டும் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் பேசுகிற பொதுவான பேச்சுத் தமிழ். உங்கள் பாட்டில் இது தலைகீழாக இருக்கிறது. குந்தினு கீறது அம்மன், பாக்க மாட்றது அம்மன். உங்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் 'கூப்ட்டுப் பாத்தோம்' என்று பொதுவாகப் போய்விட்டீர்கள். ஆகவே என் கணக்கு இதுதான்: வடசென்னை வழக்கை நம் மேல் போடுங்கள், அவள் மேல் போடாதீர்கள். அவள் செய்கிற காரியத்துக்கு வா, பாரு, குடு, காப்பாத்து மாதிரி எளிய பேச்சு வினை போதும்.

'நீ' என்று கூப்பிடலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். தாராளமாக. அம்மனை 'நீங்க' என்றால்தான் அந்நியமாக இருக்கும், ஏதோ ஆபீஸில் மனு கொடுக்கிற மாதிரி. நம் பக்கத்தில் பெற்ற அம்மாவை யார் நீங்க என்று கூப்பிடுகிறார்கள்? ஆனால் 'நீ'க்குப் பக்கத்தில் ஒரு 'ம்மா'வோ 'தாயே'வோ இருக்க வேண்டும். 'பாரு' என்று மட்டும் நின்றால் அது கட்டளை. 'பாரும்மா' என்றால் கெஞ்சல். அந்த ஒரு அசைதான் பேச்சுத் தமிழில் 'அருள்வாய்' செய்கிற வேலையைச் செய்கிறது.

இப்போது உங்கள் வரிகளுக்கு வருவோம்.

முதல் வரி 'இன்னா ஆத்தா'. இதில் ரெண்டு சிக்கல். ஒன்று, கேள்வியில் ஆரம்பிக்கிறீர்கள். பெரியவர் ஒருத்தர் வீட்டுக்குள் நுழைகிறோம், முதலில் உறவைச் சொல்லிக் கூப்பிடுவோம், பிறகுதான் விஷயம். 'இன்னா' முன்னால் வந்தால் எதிரில் இருப்பவர் நம் வயசுப் பையன் என்று ஆகிவிடும். இன்னொன்று 'ஆத்தா'. மதுரைப் பக்கம் அது பால் மாதிரி சுத்தமான சொல். மாரியாத்தா, அங்காளாத்தா என்று பேரோடு சேர்த்துச் சொன்னால் இங்கேயும் குறையில்லை. ஆனால் தனி 'ஆத்தா' நம் தெருக்களில் வசவோடு ஒட்டிப் பழகிவிட்டது, அது உங்களுக்கே தெரியும். 'எங்க ஆத்தா', 'உங்க ஆத்தா' என்று பாடும்போது கூட்டத்தில் நாலு பையன்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு இடம் கொடுக்கக் கூடாது. 'யம்மா' இருக்கிறது, 'தாயே' இருக்கிறது, ரெண்டும் இங்கே கறைபடாத சொற்கள்.

'குந்தினு'. குந்து நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் யாரிடம் சொல்கிறோம்? குழந்தையிடம், கூட்டாளியிடம். வீட்டுக்கு வந்த மாமியாரிடம் 'குந்து' என்பீர்களா? 'ஒக்காருங்க' என்றுதானே வரும். அம்மனுக்கு ஒக்காருவதும் வேண்டாம். அவள் குடியிருக்கிறாள், காவல் காக்கிறாள். நம் வீட்டுப் பாட்டிகள் பேச்சிலேயே 'எல்ல காக்குறவ', 'இந்தத் தெருவுல குடியிருக்குறவ' என்று வரும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

'கண்ண முழிச்சி'. இதே தப்பை நானும் செய்தேன். பல வருஷம் முன்னால் ஒரு பாட்டில் 'முழிச்சிப் பாரு தாயே' என்று எழுதி, ஒத்திகையில் பாடிக் காட்டினேன். கரகம் எடுக்கிற ஒரு பாட்டி கையைக் காட்டி நிறுத்தினார். "சாமி தூங்குதுன்னா சொல்ற?" அவ்வளவுதான் கேட்டார். நான் நினைத்தது வேறு, சொல் சொன்னது வேறு. முழிக்கிறது என்றால் தூக்கத்திலிருந்து எழுவது, இல்லாவிட்டால் திருதிருவென்று பார்ப்பது. 'கண்ணத் தொறந்து' என்றால் அந்தக் குறை இல்லை. கோயிலில் சாமிக்குக் கண் திறப்பது என்பதே ஒரு சடங்கு, அதனால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம் 'வந்தருள்வாயே'. மூன்றரை வரி தெருவில் நின்று பேசிவிட்டுக் கடைசியில் திடீரென்று பட்டு வேட்டி கட்டிக்கொண்டீர்கள். பெரியவர்கள் திட்டுவார்களோ என்ற பயத்தில் போட்ட சொல் அது, இல்லையா? அதனால் முன்னால் இருக்கிற 'குந்தினு கீற' இன்னும் மோசமாகத் தெரிகிறது. மரியாதையான சொல் எது என்று தெரிந்தும் முதல் வரியில் போடவில்லையே என்று கேட்பவருக்குத் தோன்றும். கரகம், காப்பு, வேப்பில, மஞ்சா, குங்குமம், திருநீறு இதெல்லாம் நம் வாயில் புழங்குகிற சொல், எத்தனை வேண்டுமானாலும் போடலாம். 'அருள்வாய்', 'போற்றி', 'சரணம்' என்பவற்றில் 'போற்றி'யும் 'சரண'மும் கூட்டம் சேர்ந்து சொல்கிற கோஷமாகத் தனி வரியில் நிற்கலாம். பேச்சு வாக்கியத்துக்குள் நுழைத்தால் ஒட்டாது.

மிச்சம் இருப்பது 'பாக்கவே மாட்ற'. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் பாட்டின் உயிரே இந்தக் குறைதான். இதை எடுத்துவிட்டால் பாட்டு வெறும் அலங்காரமாகிவிடும். சாமியிடம் சண்டை போடுவது நம் பக்திக்குப் புதிதும் இல்லை. உங்கள் ஊருக்கு நாலு எட்டில் இருக்கிற திருவொற்றியூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சுந்தரர் அங்கேதான் சங்கிலியாரை மணந்தார், விட்டுப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் பார்வை போயிற்று என்கிறது பெரிய புராணம். காஞ்சியில் ஒரு கண் கிடைத்தபின் திருவாரூர் போய் அவர் பாடிய பதிகம் 'மீளா அடிமை' என்று தொடங்குகிறது. அதில் ஒவ்வொரு பாட்டும் 'வாழ்ந்து போதீரே' என்று முடியும். நீங்களாவது நன்றாக இருங்கள் என்று கோபமாகச் சொல்கிற பேச்சு. இதைவிடக் கடுமையாக ஒருவர் சாமியிடம் பேச முடியாது.

ஆனால் எந்த வரிசையில் பேசுகிறார் என்று பாருங்கள். முதல் சொல்லிலேயே நான் உமக்கு மீளாத அடிமை, வேறு யாரையும் வேண்டாதவன் என்று உறவைச் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் சண்டை. திட்டும்போதும் 'போதீரே' என்று பன்மையில்தான் திட்டுகிறார். உறவு முதலில், குறை பின்னால். அதோடு குறையைச் சொல்லும்போது தன் நிலைமையைத்தான் விரித்துச் சொல்கிறார்.

நீங்களும் 'நீ பாக்க மாட்ற' என்று அவள் மேல் பழி போடாமல், பார்க்காவிட்டால் நமக்கு என்ன ஆகும் என்று சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் சொல்வதற்கு விஷயமா இல்லை? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த ரெண்டு மாசத்தில்தான் வலையும் எஞ்சினும் சரி பார்க்கிற செலவு, அதற்குக் கடன். படகு போக ஆரம்பித்து ஒரு மாசம் ஆகும்போது ஆடி பிறக்கும், கடன்காரன் வாசலில் நிற்பான். கூழ் ஊற்றுகிற வீட்டில் நடப்பது இதுதான். அதை எழுதினால் யார் மரியாதைக் குறைவு என்பார்கள்?

இனி எழுத்து வேலை. பம்பை அடிக்கு ஏற்றபடி ஒரு வரியை நாலு தட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ரெண்டு தட்டில் ஒவ்வொரு சொல், அடுத்த ரெண்டு தட்டில் ரெண்டு ரெண்டு சொல். கையால் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள்:

யம்மா / தாயே / எங்க எல்ல / காக்குற தாயே

அடுத்த வரிக்கு எதுகை வேண்டும், அதாவது ரெண்டாம் எழுத்து ஒத்து வர வேண்டும். பேச்சுத் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வரிக் கடைசியில் கீற, மாட்ற, போற என்று ஒரே வினை முடிவை வைத்து ஓட்டிவிடுகிறார்கள். சுலபமாகக் கிடைப்பதால் அது நாலாவது வரியிலேயே சலித்துப் போகும். வரி ஆரம்பத்தில் எதுகை விழுந்தால்தான் பாட்டுக்குக் கட்டுமானம் வரும். யம்மாவுக்கு எதுகையாக நான் முதலில் 'சும்மா வர்ல கூழு சொமந்து' என்று போட்டுப் பார்த்தேன். ஓசை நன்றாக இருக்கிறது, ஆனால் பேரம் பேசுகிற தொனி வந்துவிட்டது, கூழ் கொண்டுவந்திருக்கிறோம் நீ என்ன தருகிறாய் என்பது போல. பிறகுதான் நம்ம சொல் ஒன்று ஞாபகம் வந்தது:

இம்மாந் / தூரம் / கூழு சொமந்து / வந்தோம் தாயே

இம்மாந் தூரம். இவ்வளவு தூரம் என்று எழுதினால் இந்த வரி செத்துவிடும். அந்த ஒரு சொல்லில் பாடுகிறவன் எந்தத் தெருக்காரன் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் அது அம்மனைத் தொடவில்லை, நடந்து வந்த நம் காலைத்தான் சொல்கிறது. யம்மா, இம்மா என்று எதுகையும் தானாக விழுகிறது. எதுகை வைக்கும்போது முதல் எழுத்து ரெண்டும் குறிலாகவோ ரெண்டும் நெடிலாகவோ இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் காதில் இடறும்.

கடன் வரி:

கடன / வாங்கி / வலைய வாங்கி / காத்துனு கீறோம்
கடலு / மேல / போன புள்ளைய / காப்பாத்து தாயே

'காத்துனு கீறோம்' நாம், 'காப்பாத்து' அவள். ரெண்டும் ஒரே இடத்தில், நாலாவது தட்டில் விழுகின்றன. காத்துக்கொண்டிருப்பதும் காப்பாற்றுவதும் ஒரே எழுத்தில் ஆரம்பிப்பதால் கேட்கும்போதே ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்கிற மாதிரி இருக்கும். உங்கள் ரெண்டாவது வரியில் இருந்த குறை கடைசியில் இப்படி வரலாம்:

ஒன்ன / வுட்டா / எங்களுக்கு / யாரு தாயே
கண்ணத் / தொறந்து / எங்க தெருவ / பாரும்மா நீயே

உங்கள் பாட்டில் இருந்த கூழ், தெரு, கண் தொறப்பது எல்லாம் இதில் இருக்கிறது. செந்தமிழ் வினை ஒன்றுகூட இல்லை.

'யாரு கீறா தாயே' என்று வைக்க எனக்கும் ஆசைதான். தட்டில் ஒரு சொல் கூடிவிடுகிறது, அதோடு பாடும்போது வேறு ஒரு சிக்கலும் உண்டு. பேச்சுச் சொற்கள் குறுகியவை, ராகத்தில் இழுத்தால் வேறு சொல்லாகிவிடும். 'கீற' என்பதை நீட்ட வேண்டுமானால் இழுப்பு 'கீ'யில்தான் விழும், கூம்பு ஸ்பீக்கரில் அது கிழிக்கிறது, கீறுகிறது என்று கேட்கும். 'கீறோம்' என்பதில் இழுப்பு கடைசி 'ஓ'வில் விழுவதால் தப்பித்துவிடுகிறது. அதே போல 'எல்ல' என்பதை நீட்டினால் 'எல்லா' ஆகிவிடும், அதனால் அதைத் தட்டின் நடுவில் சுருக்கமாக முடித்துவிடுங்கள். 'வந்தா' இன்னும் ஆபத்தானது, வந்தாள் என்றும் கேட்கும், வந்தால் என்றும் கேட்கும். நீட்டுகிற இடத்தில் எப்போதும் தாயே, நீயே, யம்மா மாதிரி நெடிலில் முடிகிற சொல்லை வைத்துவிட்டால் கவலையில்லை.

சரணத்தில் அம்மன் வருவதைப் படர்க்கையில் பாடுவீர்கள். அங்கேதான் தெரியாமல் மரியாதை வழுக்கும். 'அம்மா வந்துட்டா' என்று சொல்லலாம், சாமி வந்து ஆடுகிற நேரத்தில் கூட்டமே அப்படித்தான் சொல்கிறது. 'அவ வந்துட்டா' கூடாது. பிரதிப்பெயர் வருகிற இடத்திலெல்லாம் மறுபடி 'அம்மா' என்றோ சாமியின் பேரையோ போட்டுவிடுங்கள். நம் வீட்டில் அம்மாவையும் அக்காவையும் 'வந்துச்சு, சொல்லுச்சு' என்று பாசமாகச் சொல்வோமே, அது 'சாமி வந்துச்சு' என்றால் பொருந்தும், 'மாரியம்மன் வந்துச்சு' என்றால் பொருந்தாது. ஆண் தெய்வத்துக்கு 'வந்தாரு' வைத்துக்கொள்ளுங்கள். 'முருகன் வந்தான்' பழைய தமிழில் அழகு, ஆனால் பக்கத்தில் 'கீறோம்' இருக்கும்போது கூட்டாளியைச் சொல்கிற மாதிரி ஆகிவிடும். உங்கள் செட்டில் ராயபுரம் கோயில் திருவிழாவுக்கு மாதா பாட்டோ ஏசப்பா பாட்டோ எழுதுகிறவர்கள் இருந்தால், அங்கே ஜெபத்தில் பழகியது 'நீர், உம்மை' என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பேச்சுத் தமிழுக்கு வந்தால் 'ஏசப்பா நீங்க' என்று முழுசாக வந்துவிட வேண்டும், ஒரு வரியில் உம்மை, அடுத்த வரியில் உங்கள என்று கலக்கக் கூடாது.

மெட்டு என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. கானா மெட்டாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். பெரியவர்களுக்குச் சில மெட்டுகள் சாவு வீட்டில் விடிய விடியக் கேட்டுப் பழகியவை. சொல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த மெட்டு காதில் விழுந்தவுடன் மனசு இழவு வீட்டுக்குப் போய்விடும், அதைத்தான் 'மரியாதை இல்ல' என்று சொல்லியிருக்கவும் கூடும். மேளத்திலும் சாமிக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி என்று அடிப்பவர்களுக்குத் தெரியும். பாட்டு முடிந்ததும் உங்கள் கோயில் பம்பைக்காரரிடம் வார்த்தை இல்லாமல் மெட்டை மட்டும் முனகிக் காட்டி, எதுக்கு வாசிப்பீங்க என்று கேளுங்கள்.

அதன் பிறகு பாட்டை ராகம் இல்லாமல், பேசுகிற மாதிரி, வயசான ஒரு அம்மாவிடம் சொல்லிக் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், நல்லாருக்கு கண்ணு என்றுதான் சொல்வார்கள். திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர்கள் தங்களை அறியாமல் ஒரு 'ம்மா' சேர்க்கிறார்களோ, எந்தச் சொல்லை விழுங்கிவிட்டு வேறு சொல் போடுகிறார்களோ, அங்கே அவர்கள் சொன்னதையே எழுதிக்கொள்ளுங்கள். மேலே இருக்கிற 'பாரும்மா நீயே' முதலில் 'பாரு நீயே' என்றுதான் எழுதினேன். பக்கத்து வீட்டு அம்மா திருப்பிச் சொன்னபோது மாறியது அது. காப்பு கட்டுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே இதை முடித்துவிடுங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு பசங்க வாயில் பழைய வரி ஏறிவிடும், மாற்றவே முடியாது.